பதில் சொன்னது வாயா, கண்ணா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து கோவைக்கு வந்த விமானத்தில், இறங்கும் நேரத்தில் பொத்தானை அழுத்தியும் பணிப்பெண் வரவில்லை. அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியுமா என்று விமானியிடம் கேட்டுச் சொல்லவும் மறுத்துவிட்டார் என்று திருப்பூர் வாசகர் ஒருவர் சென்ற இதழில் கோபப்பட்டிருந்தார். கூடவே, இத்தனை வருஷம் விமானம் ஓட்டியவர்கள் இன்னும் செக்லிஸ்ட் என்ற சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்தா படிப்பார்கள் என்று ஒரு குத்தல் வேறு. நான் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவன். அவருடைய இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது.

பட்டியலைப் படிப்பது வேலை தெரியாததால் அல்ல. செய்ய வேண்டியதை விமானிகள் பெரும்பாலும் மனப்பாடமாகவே செய்துவிடுவார்கள். செக்லிஸ்ட் அதற்கு அப்புறம் வருகிறது, செய்தது உண்மையிலேயே ஆகியிருக்கிறதா என்று பார்க்க. ஒருவர் "ஃபிளாப்" என்று இறக்கைப் பலகையின் பெயரைப் படிப்பார். இன்னொருவர் கருவியைப் பார்த்து, அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் எண்ணைச் சொல்ல வேண்டும். 'ஆச்சு', 'சரி' என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. பனியன் கம்பெனியில் லோடு ஏற்றும்போது ஒருவர் பட்டியலைப் படிக்க, மற்றவர் பெட்டியைத் திறந்து எண்ணிச் சொல்வாரே, அந்த மாதிரிதான். பெட்டியைத் திறக்காமலே எண்ணைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்குத் தெரியாது. இந்த முறையின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது.

1988 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் விமான நிலையத்தில் டெல்டா 1141 புறப்படக் காத்திருந்தது. போயிங் 727 ரகம். விமானிகளின் அறையான காக்பிட்டில் மூன்று பேர். முன்னால் வரிசை நீளமாக இருந்ததால் பேச்சு வளர்ந்தது. பணிப்பெண் ஒருவரும் உள்ளே வந்து சேர்ந்துகொண்டார். ஊர்க்கதையெல்லாம் ஓடியது. காக்பிட்டில் பேசுவதைப் பதிவு செய்யும் கருவியைப் பற்றிக்கூடப் பேசினார்கள், அதே கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருக்கும்போது. பிறகு புறப்படும் முறை வந்ததும் செக்லிஸ்ட்டை முறைப்படிதான் படித்தார்கள். ஃப்ளைட் எஞ்சினியர் "ஃபிளாப்" என்றார். துணை விமானி, "பதினைந்து, பதினைந்து, பச்சை விளக்கு" என்றார். சொல் பிசகவில்லை. ஆனால் ஃபிளாப் இறக்கப்படவே இல்லை! காட்டிகளைப் பார்த்திருந்தால் பதினைந்து என்று சொல்லியிருக்க முடியாது.

ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை. முன்விளிம்பிலும் அப்படி வெளியே வரும் பகுதிகள் உண்டு; பச்சை விளக்கு அவற்றுக்கானது. இவை இல்லாவிட்டால், வழக்கமாக மேலெழும்பும் வேகத்தில் இறக்கைக்குப் போதிய தூக்கு விசை கிடைக்காது. அந்த விமானமும் தரையை விட்டுச் சரியாக எழும்ப முடியாமல் தள்ளாடி, ஓடுபாதையைத் தாண்டி இருந்த ஆன்டெனாவில் மோதித் தீப்பிடித்தது. 108 பேரில் 14 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட தவறுக்கு அலற வேண்டிய எச்சரிக்கை ஒலியும் அன்று வேலை செய்யவில்லை. விசாரணைக் குழு அதையும் காரணமாகச் சொன்னது. ஆனால் முதலில் வைத்தது கேப்டனும் துணை விமானியும் காக்பிட் ஒழுங்கைக் கடைப்பிடிக்காததை.

கவனியுங்கள், செக்லிஸ்ட்டை படித்த நேரத்தில் அவர்கள் அரட்டை அடிக்கவில்லை. அரட்டை அதற்கு முன்னால் நடந்தது. வழக்கமாகச் செய்கிற வேலை அதில் விட்டுப்போனதும், நூற்றுக்கணக்கான முறை சொல்லிப் பழகிய பதிலை வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதனால்தான் 'ஸ்டெரைல் காக்பிட்' விதி செக்லிஸ்ட்டை மட்டும் காப்பதோடு நிற்பதில்லை. தரையில் ஓடுவது, எழும்புவது, இறங்குவது, பத்தாயிரம் அடிக்குக் கீழே பறப்பது (அதற்குக் கீழேயே ஒரே உயரத்தில் சீராகப் பறந்துகொண்டிருந்தால் தவிர) என எல்லா நேரத்திலும் பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத பேச்சும் வேலையும் கூடாது. அமெரிக்காவில் இது 1981லேயே வந்துவிட்டது. டல்லாஸ் காக்பிட்டில் இருந்தவர்களுக்கும் தெரிந்த விதிதான்.

திருப்பூர் அன்பர் பொத்தானை அழுத்தியது அந்த உயரத்துக்குக் கீழே வந்த பிறகாக இருக்கும். அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியுமா என்ற கேள்வி அப்போது காக்பிட்டுக்குள் போகவே கூடாத வகை. அதிலும் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்கு வரும் விமானத்தை ஆட்டி எடுக்கும். உள்ளே இருக்கும் இருவருக்கும் கைநிறைய வேலை. பணிப்பெண் எழுந்து வராததும் அதே காரணம்தான். அவரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டிய கட்டம் அது.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புகை, கருகல் வாடை, இறக்கையில் ஏதோ பெயர்ந்து ஆடுவது போன்றவை கண்ணில் பட்டால், 'பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டோமே' என்று யாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அவை பாதுகாப்பு விஷயம். விதி அவற்றைத் தடுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொல்லுங்கள், பணிப்பெண் தன் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் போனை எடுத்துக் கேப்டனிடம் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானி,
பொள்ளாச்சி.