கடைக்குட்டியும் கிளம்பிய பிறகு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் படிக்கப் போனதிலிருந்து எதைத் தொட்டாலும் அழுகை வருகிறது, இது நோயா என்று கேட்டிருந்தாய். எங்கள் கடைக்குட்டியும் இந்த ஆண்டுதான் வெகு தொலைவிலுள்ள கல்லூரிக்குப் போனான் என்பதால், நான் அறிந்ததை எழுதுகிறேன்.

மூத்தவள் போனபோது இவ்வளவு வலிக்கவில்லை. இவனுக்காக விடியற்காலையில் எழ வேண்டியிருந்தது, இவனோடு சண்டை போட வேண்டியிருந்தது. இவனும் போன பிறகுதான், என் நாள் முழுவதும் பிள்ளைகளின் நேரத்தையொட்டியே ஓடியிருக்கிறது என்பது புரிந்தது. எனக்கு மாலைதான் பெரும்பாடு. அவன் வகுப்பு முடிந்து வரும் நேரத்தில் காது தானாக வாசல் பக்கம் போகும். இரவில் தட்டு எடுத்து வைக்கும் கை, பழக்கத்தில் அவனுடையதையும் எடுத்துவிடும்.

இதை மருத்துவரிடம் சொன்னேன். மனநோய்ப் பட்டியலில் இதற்கென்று ஒரு நோய் இல்லை என்றார். இந்தத் துக்கம் அலையலையாக வரும். நடுவே சிரிக்கவும், பசித்துச் சாப்பிடவும் முடியும். அப்படியில்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருந்து, எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணமும் சேர்ந்தால், அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். பிள்ளையின் பிரிவுதானே என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நம் வயதில் மாதவிடாய் நிற்கும் காலமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இரவில் வியர்த்து விழித்துக்கொள்கிறேன் என்று நீ எழுதியிருப்பதால், அதையும் மறக்காமல் சொல்.

தொலைபேசி விஷயத்தில் உன்னோடு நான் உடன்படவில்லை. மகள் கடைசியாக எப்போது இணையத்தில் இருந்தாள் என்று நாளெல்லாம் பார்ப்பது உன் கவலையைத் தணிக்காது. பார்த்த சிறிது நேரத்தில் மறுபடி பார்க்கத்தான் தூண்டும். நாங்கள் வாரத்துக்கு இரண்டு முறை பேசுவதென்று வைத்துக்கொண்டோம், நேரத்தை அவனே குறித்தான். 'சாப்பிட்டாயா' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வரை அவனிடமிருந்து 'ம்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. என் அலுவலகச் சச்சரவு ஒன்றைச் சொன்ன அன்று, அவனாகவே தன் அறைத்தோழனோடு உள்ள மனத்தாங்கலைக் கொட்டினான்.

வீட்டுக்காரரும் நானும் பிள்ளைகளைத் தவிர வேறெதையும் பேச மறந்திருந்தோம் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் தன் துக்கத்தை அவன் அறையைத் துடைத்துத் துடைத்தே தீர்த்துக்கொள்கிறார். ஆண்கள் அழாவிட்டால் வருத்தமில்லை என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். உன் வீட்டிலும் அவரைக் கேட்டுப் பார்.

உன் தூக்கம் எப்படி இருக்கிறது, மருத்துவர் என்ன சொன்னார் என்று மறுகடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் தோழி