இரண்டு வருடம் கடந்தால் நட்டஈடு இல்லை

ஆசிரியருக்கு,

எங்கள் லயத்தில் ஒரு தாய், கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது வேனில் அடிபட்டு இறந்தார். சாரதி நிறுத்தாமல் ஓடிவிட்டான். உடைந்த விளக்குக் கண்ணாடியை வைத்துப் பிறகு பொலிஸார் வேனைப் பிடித்தார்கள். செத்தவீட்டுச் செலவுக்கு வேன்காரர் கொடுத்த காசோடு, “வழக்கு முடிந்ததும் நட்டஈடு வரும்” என்று குடும்பம் காத்திருந்தது. அது வரவே இல்லை.

நீதவான் நீதிமன்ற வழக்கு சாரதிக்குத் தண்டனை கொடுப்பதற்கானது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி 5 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுத்தாமல் ஓடியது தனிக் குற்றம். அந்த அபராதம் அரசுக்குப் போகும், பிள்ளைகளுக்கு அல்ல.

பிழைப்பை இழந்ததற்கான நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும், அதுவும் இரண்டு வருடத்துக்குள். குற்றவழக்கு இழுபட்டாலும் இந்தக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். இவர்களுக்கு அப்படித்தான் கைநழுவியது. வழக்குப் போடும்போதே வேனின் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பிந்தினால் அங்கிருந்து பணம் பெறுவது கஷ்டம்.

வாகன இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மரணச் சான்றிதழ், இறந்தவரின் சம்பளத் துண்டுகள் ஆகியவற்றோடு முதல் மாதத்திலேயே சட்டத்தரணியிடம் போங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிய கடதாசியில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தோட்ட வாசகர்,
தலவாக்கலை