வங்கி மேலாளர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 74. ஓய்வுபெற்ற ஆசிரியன். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் கிளையில்தான் ஓய்வூதியம் வாங்குகிறேன். அந்தக் கணக்கிலிருந்து 65,000 ரூபாய் போய்விட்டது. என் மனைவியின் கண்புரை அறுவைக்குச் சேர்த்து வைத்த பணம் அது.

ஒரு புதன்கிழமை மாலை என் கைப்பேசியில் சிக்னல் நின்றது. டவர் கோளாறு என்று இருந்துவிட்டேன். வெள்ளி இரவு இரண்டு தவணையாகப் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது. மறுநாள் இரண்டாம் சனி, அடுத்தது ஞாயிறு. திங்கள் காலை பாஸ்புக் பதிவு போட்டபோதுதான் பார்த்தேன்: ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணமாற்றத்தில் 40,000, அதன் கீழே இன்னொன்று 25,000. அங்கேயே நின்று புகார் எழுதி, முத்திரையோடு நகல் வாங்கினேன். அன்றே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கும் பேசினேன். சிம் கடையில் விசாரித்தால், புதன்கிழமையே என் எண்ணுக்கு வேறு ஊரில் மாற்று சிம் வாங்கியிருக்கிறார்கள் என்றார்கள்.

உங்கள் கவுன்டரில், "ஐயா, ஓடிபியை யாருக்கோ சொல்லியிருப்பீங்க" என்றார்கள். ஓடிபி என் கைக்கே வரவில்லை, ஐயா. வந்ததெல்லாம் திருடனின் சிம்முக்கு. பணம் எடுத்த குறுஞ்செய்தியும் அங்கேதான் போனது. நெட் பேங்கிங் வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதை என் பெயரில் யார், எந்தத் தேதியில், எந்தச் சாதனத்திலிருந்து தொடங்கினார்கள் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும், என்னிடம் இருக்காது.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை என் பேரன் அச்சிட்டுக் கொடுத்தான். வங்கியின் பக்கமும் வாடிக்கையாளர் பக்கமும் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பு ஏதும் இல்லை என்கிறது அது. எனக்குத் தகவல் கிடைத்தது பாஸ்புக்கில். சொன்னது அதே நாளில். புகார் வந்த பத்து வேலை நாளுக்குள், விசாரணை முடியக் காத்திராமல், அந்தத் தொகையைக் கணக்கில் திரும்ப வைக்க வேண்டும். அதுவும் பணம் போன தேதியிட்டு வைக்க வேண்டும். அப்போதுதான் வட்டி குறையாது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால், அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. என்னை நிரூபிக்கச் சொல்வது முறையல்ல.

நேற்றோடு பன்னிரண்டு வேலை நாள் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் "ஹெட் ஆபீஸுக்கு அனுப்பியாச்சு" என்ற பதில்தான். ஒன்றாம் தேதி ஓய்வூதிய வரிசையில் என்னோடு நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த விதியே தெரியாது. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

65,000 ரூபாயை அந்த வெள்ளிக்கிழமைத் தேதியிட்டு வரவு வையுங்கள். என் கணக்கில் நெட் பேங்கிங்கை முடக்குங்கள். அது தொடங்கப்பட்ட விவரத்தை எழுத்தில் கொடுங்கள். புகார் கொடுத்து முப்பது நாளில் முடிவு கிடைக்காவிட்டால், முத்திரையிட்ட நகலோடு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் கிளையின் ஓய்வூதியக் கணக்குதாரர்