பெயர்ப்பலகை எழுதுவதற்கு முன்

அன்பு மகன் செல்வத்துக்கு அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சிங்கப்பூரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பாம்பனில் பிள்ளைகளுக்காக நீங்கள் தொடங்கவிருக்கும் மாலை வகுப்புக்கு நண்பர்கள் சேர்ந்து அனுப்பிய மூன்று பெயர்களையும் பார்த்தேன். மூன்றுமே நல்ல எண்ணத்தில் வைத்தவைதான்; ஆனாலும் இந்தக் கரையில் அவற்றை வாசிப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது 'விடியல் படிப்பகம்'. விடியல் என்பது 2021 தேர்தலில் தி.மு.க. மேடைதோறும் ஒலித்த சொல். படிப்பகம் என்பதும் திராவிட இயக்கத்தார் ஊர்தோறும் திறந்து பழக்கிய பெயர். இரண்டும் ஒரே பலகையில் சேர்ந்தால், மாற்றுக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை வாசலோடு திரும்பிவிடும்.

இரண்டாவது 'சேதுபதி இளைஞர் பேரவை'. சேதுபதி மன்னர்கள் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கொடை அளித்தவர்கள் என்று நீ சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் 'இளைஞர் பேரவை' என்று சேரும்போது, அது நம் மாவட்டத்துச் சுவரொட்டிகளில் காணும் சாதி அமைப்புகளின் பெயரைப்போலவே ஆகிவிடுகிறது. முன்பாதியை ஆராய்பவர்கள் பின்பாதியைக் கவனிப்பதில்லை. கழகம், முன்னணி, பாசறை, சபை என ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது 'பாம்பன் மக்கள் கல்வியகம்'. இதில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் நோட்டின் அட்டையிலும் பற்றுச்சீட்டிலும் இதை யாரும் முழுதாக எழுதப் போவதில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துப் பார்: பா.ம.க. என்று வரும். வட மாவட்டக் கட்சியொன்றின் கிளை நம் தெருவில் திறந்திருப்பதாகவே ஊர் பேசும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று நீ கேட்கலாம். 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது, சிவகங்கைப் பகுதிக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரையும் விருதுநகர்ப் பகுதிக்குக் காமராசர் பெயரையும் வைத்தார்கள். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதை ஒட்டித் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. அதன் பிறகு அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. அந்தத் தலைவர்களிடம் குறை கண்டு எடுக்கவில்லை. ஒருவர் பெருமையாகக் கருதும் பெயரை மற்றவர் தமக்கு விடப்பட்ட சவாலாக எடுத்துக்கொள்ளும் நிலை அன்று இருந்தது. இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை.

ஆகவே ஒரு பெயரைச் சோதிக்கும்போது "பெயர் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதே, முகத்துக்காக எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இப்படி ஒரு பலகை இருந்தால் அது யாருடைய இடம் என்று நினைப்பீர்கள்?" என்று கேள். ஜமாஅத்தில் ஒருவரிடமும், கோயில் தெருவில் ஒருவரிடமும், மாதா கோயிலுக்குப் போகும் ஒருவரிடமும், மீன் ஏலம் விடும் பெண்களிடமும் தனித்தனியாகக் கேள். கூட்டமாகக் கேட்டால் முதலில் பேசுபவரின் பதிலையே மற்றவர்களும் சொல்வார்கள். இரண்டு பேர் ஒரே கட்சியையோ ஒரே தெருவையோ சொல்லிவிட்டால் அந்தப் பெயரைக் கைவிடு.

ஆனால் எல்லா மறுப்புக்கும் பணிந்துவிடவும் கூடாது. அப்துல் கலாம் பெயரை வைத்தால் அவர் முஸ்லிம் என்பதற்காகவே ஒருவர் முகம் சுளிப்பாரானால், அது அவர் மனத்திலுள்ள வெறுப்பு, பெயரின் குறையன்று. அதற்காகப் பெயரை மாற்றினால் நான் உன்னோடு சண்டை போடுவேன்.

எனக்குத் தோன்றும் பெயர் 'கொண்டல் மாலை வகுப்பு'. பிரபந்தம் படித்தவர்களுக்குக் கொண்டல் என்றதும் கொண்டல்வண்ணனான திருமால் நினைவுக்கு வருவான் என்பதை அறிவேன். ஆனால் வலை இழுப்பவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வரும் காற்றுதான். 'மாலை வகுப்பு' என்பதற்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பக்கத்து வீட்டு மரைக்காயர் அண்ணனிடமும் மீன் கொண்டுவரும் அந்தோணியம்மாளிடமும் யாருடைய இடமாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன், அண்ணன் "கடல் தொழில் சங்கத்துக்காரர்களோ?" என்றார், அவள் "டியூஷன்தானே அக்கா?" என்றாள். கோயில் தெருவில் இன்னும் கேட்கவில்லை.

பலகையின் நிறத்தையும் யோசி. மஞ்சளும் சிவப்பும், பச்சையும் சிவப்பும் இங்கே பள்ளிப் பிள்ளைகள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிற்றின் நிறங்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து போதும். திறப்பு நாளைச் செப்டம்பர் 11, அக்டோபர் 30 ஆகிய நாட்களை ஒட்டி வைக்க வேண்டாம். இம்மானுவேல் சேகரன் நினைவு நாளும் தேவர் குருபூசையும் வருவதால் மாவட்டமெங்கும் காவல் கட்டுப்பாடு இருக்கும். போதாததற்கு, நீங்கள் யார் பக்கம் என்ற கேள்வியும் எழும்.

வரும் வாரம் பலகை எழுதுபவர் அளவெடுக்க வருகிறார். கோயில் தெருவில் கேட்டுவிட்டு உனக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். அதுவரை நண்பர்கள் யாரிடமும் பெயர் முடிவாகிவிட்டது என்று சொல்லாதே.

அன்புடன்,
அம்மா