சளிக்கு அசித்ரோமைசின் கேட்டு வருகிறவர்: மருந்துக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் மருந்துக்கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு அசித்ரோமைசின் தர மறுத்தேன். கையில் வந்த வியாபாரத்தை விட்டுவிட்டதாக என் முதலாளிக்கு வருத்தம். அவரோடு நின்றுபோகிற விஷயமில்லை என்பதால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

"அக்கா, அசித்ரோ ஐந்நூறுல மூணு மாத்திரை குடுங்க" என்று கேட்டார். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றேன். "சளிக்கு எதுக்குக்கா சீட்டு? போன தடவை இதைத்தான் போட்டேன், ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு."

எத்தனை நாளாக என்று விசாரித்தேன். அன்று மூன்றாம் நாள். முதல் நாள் லேசான காய்ச்சல், அப்புறம் இல்லை. மூக்கு ஒழுகல், தொண்டை கரகரப்பு. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காதுவலி எதுவும் இல்லை, சர்க்கரை நோயும் இல்லை. காலையில் சளி மஞ்சளாக வந்ததைப் பார்த்துப் பயந்துபோய் வந்திருக்கிறார்.

"போன தடவையும் மூணாம் நாள்தான் மாத்திரை போட்டீங்களாண்ணா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். சாதாரணச் சளி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். இறங்குகிற நேரத்தில் மாத்திரை போட்டால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. மஞ்சள் நிறமும் பாக்டீரியா வந்துவிட்டதற்கு அடையாளமில்லை. கிருமியோடு சண்டைபோட வந்த வெள்ளணுக்களில் உள்ள நொதிதான் அந்த நிறத்தைத் தருகிறது, வைரஸ் சளியிலும் அது வரும்.

"அப்போ இந்த மாத்திரை என்னதான் பண்ணும்?" என்றார். நியாயமான கேள்வி. பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. அந்த வேலையைத்தான் அசித்ரோமைசின் நிறுத்துகிறது. வைரஸிடம் அப்படியொரு பட்டறையே கிடையாது. அது நம் செல்லுக்குள் புகுந்து நம்முடையதையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. வயிற்றில் இருக்கும் நல்ல பாக்டீரியாதான் அடிவாங்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும்.

அவரிடம் சொன்ன இன்னொன்றை உங்களுக்கும் சொல்கிறேன். மூன்று நாளில் மாத்திரை முடிந்துவிடும், ஆனால் மருந்து முடியாது. கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் திசுக்களில் தங்கி மெதுவாகக் குறையும். அந்தக் குறைந்த அளவில் சாகாமல் தப்பிக்கும் பாக்டீரியாதான் எதிர்ப்பைப் பழகிக்கொள்கிறது. நம் நாட்டில் டைபாய்டுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் பெரும்பாலும் பலனில்லாமல் போய்விட்டது. வாய்வழியாகக் கொடுக்க மிச்சமிருக்கும் முக்கியமான ஒன்று அசித்ரோமைசின். அவருடைய பிள்ளைக்கு நாளைக்கு டைபாய்டு வந்தால் டாக்டர் கை நீட்டுவது இதே அட்டைக்குத்தான்.

பாரசிட்டமால் ஒரு அட்டை கொடுத்தேன், காய்ச்சலோ உடம்புவலியோ இருந்தால் மட்டும் போட. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து. வண்டி ஓட்டுகிறவர், தூக்கம் வரும் என்பதால் செட்ரிசின் தரவில்லை. காய்ச்சல் திரும்ப வந்தாலோ, சரியாகி வந்தது மறுபடி மோசமானாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும் என்றேன். சளி பத்து நாள் வரை இருக்கலாம், இருமல் அதற்கு மேலும் நீடிக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

அவர் முழு மனதோடு போனார் என்று சொல்ல மாட்டேன். பக்கத்துக் கடையில் வாங்கியிருக்கக்கூடும். என் ஆதங்கமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு கடை மட்டும் மறுத்தால் அந்தக் கடைக்கு நஷ்டம், மருந்து என்னவோ விற்றுத்தான் தீரும். அதிலும் "ரெண்டு மட்டும் வெட்டிக் குடுங்க" என்று கேட்டால் வெட்டியும் தருகிறோம்.

அசித்ரோமைசின் எச் அட்டவணை மருந்து, சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் 2013-இல் வந்த எச்1 பட்டியலில் செஃபிக்சிம் இருந்தது, அசித்ரோமைசின் இல்லை. எச்1 மருந்து விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் செஃபிக்சிம் எடுக்கும்போது நம் கை கொஞ்சம் தயங்குகிறது, அசித்ரோவுக்குத் தயங்குவதில்லை. அதே பதிவேட்டில் அசித்ரோமைசினையும் அமாக்சிசிலினையும் நாமாகவே எழுதலாமே? எந்தச் சட்டமும் தடுக்காது.

டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போகும் என்று சொல்கிறவர்கள் உண்டு, அது உண்மைதான். சளிக்கும் ஆன்டிபயாடிக் எழுதித்தரும் டாக்டர்கள் இருப்பதும் உண்மை. அதற்காக நம் கவுண்டரில் டாக்டர் வேலையை நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயங்களை முடிவு செய்யுங்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் இல்லை என்ற ஒரே பதில் நம் தெருவின் எல்லாக் கடைகளிலும் ஒரே தேதியிலிருந்து வரட்டும். அப்படிச் சொல்லும் ஊழியரிடம் அன்றைய விற்பனைக் கணக்கைக் காட்டிப் பேச வேண்டாம். பதிவேட்டு மாதிரியை நானே தயாரித்துக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைத்தெருவின் மருந்தாளுநர் ஒருத்தி