*21*, *401* என்று யாராவது டயல் செய்யச் சொன்னால்

குழு உறவுகளுக்கு வணக்கம். நேற்று காரைக்குடியில் நம் ஆச்சி ஒருவருக்கு அழைப்பு வந்தது. பலகாரப் பார்சல் வந்திருக்கிறதாம், வீடு தெரியவில்லையாம், டெலிவரி பையனிடம் பேச இதை டயல் செய்ய வேண்டுமாம்:

```
*21*பத்து இலக்க எண்#
```

ஆச்சியும் செய்துவிட்டார். அது அவருக்கு வரும் எல்லா அழைப்புகளையும் அந்த எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. சில இணைப்புகளில் இதே வேலையை *401* செய்யும்.

குறுஞ்செய்திகள் இதனால் திரும்புவதில்லை. அழைப்புகள் மட்டுமே திரும்பும். திருடனுக்கு அது போதும். ஆச்சியின் எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறந்து, உறுதிப்படுத்தும் குறியீட்டை அழைப்பில் சொல்லும்படி வாட்ஸ்அப்பிடம் கேட்டான். அந்த அழைப்பு அவனுக்கே போனது. சற்று நேரத்தில் ஆச்சி பெயரில் உறவினர்களுக்கு, "அவசரமாக இருபதாயிரம் அனுப்பு" என்று செய்தி. ஆச்சியின் போனோ மணியே அடிக்காமல் கிடந்தது. அதுதான் அடையாளம்.

சந்தேகமிருந்தால் முதல் வரியால் நிலையைப் பாருங்கள். இரண்டாவது எல்லாத் திருப்புதலையும் நீக்கும்.

```
*#21#
##002#
```

இவை வேலை செய்யாவிட்டால் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

வெளியூர் போகும்போது தங்கள் செல்போன் அழைப்புகளை மகன் எண்ணுக்கு மாற்ற விரும்புகிறவர்கள், போன் செயலியின் அமைப்புகளில் அழைப்புத் திருப்புதலைத் திறந்து, "எடுக்காதபோது" என்பதில் மட்டும் எண்ணைக் கொடுங்கள். "எப்போதும்" வேண்டாம், உங்கள் போன் ஊமையாகிவிடும்.