மாட்யூல் 1 கேட்டதற்கு வேறு ரேக் வந்தது: மாற்றித் தரக் கோரி

ஐயா,

போன மாதம் உங்களிடம் ஒரு ரேக்கும் பினியனும் வாங்கினேன். இரண்டுக்கும் மாட்யூல் 1 என்றுதான் ஆர்டரில் எழுதியிருந்தேன். பினியனுக்கு 20 பல், ரேக் 220 மி.மீ. நீளம். என் பட்டறையில் செய்யும் சிறிய பேக்கிங் மெஷினில் ஒரு தட்டு 180 மி.மீ. முன்னும் பின்னும் ஓட வேண்டும். இரு கோடியிலும் பல் பிடி விடாமல் இருக்கப் பக்கத்துக்கு 20 சேர்த்து 220 கேட்டேன்.

மாட்யூல் 1 என்றால் பல்லுக்குப் பல் இடைவெளி, அதாவது பிட்ச், 3.14 மி.மீ. 20 பல் பினியன் ஒரு சுற்றுக்கு 62.83 மி.மீ. தள்ள வேண்டும். அந்தக் கணக்கில் மோட்டாருக்கு 573 ஸ்டெப் கொடுத்தேன். தட்டு 180-இல் நிற்காமல் கோடியில் உள்ள கட்டையில் போய் இடித்தது. கட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டி அளந்தால் 190 மி.மீ.க்கு மேல் போகிறது.

முதலில் என் ஃபிட்டிங்கைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் ரேக்கைக் கழற்றி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒரு பல்லின் இடது விளிம்பிலிருந்து ஐம்பது பல் தள்ளி உள்ள பல்லின் இடது விளிம்பு வரை அளந்தேன். 157 வர வேண்டியது, 166 காட்டியது. ஒரு பல்லுக்கு 3.32 மி.மீ. ஆகிறது. அங்குலக் கணக்கில் வெட்டிய 24 டிபி ரேக்கின் பிட்ச் அதுதான். பினியனின் வெளிவிட்டம் 22 மி.மீ. சரியாக இருக்கிறது. ஆக, பினியன் நான் கேட்டது, ரேக் வேறு. பக்கத்தில் வைத்தால் இரண்டு பல்லும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் பேக் செய்தவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

போனில் பேசிய உங்கள் ஆள், "ஸ்டெப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்றார். தூரம் வேண்டுமானால் சரியாகும், பல் கடிப்பது சரியாகாது. அடுத்தடுத்த ஒவ்வொரு பல்லும் 0.18 மி.மீ. தள்ளி வந்து உட்காருகிறது. பல்லுக்குப் பல் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டே தட்டு ஓடுகிறது. பினியனைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் இறுக்கம் விடும், ஆனால் திரும்பி வரும்போது ஆட்டம் கொடுக்கும். அப்படி நான்கு நாள் ஓட்டியதிலேயே பினியன் பல்லின் நுனியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

எனவே மாட்யூல் 1, 20 டிகிரி அழுத்தக் கோணத்தில் 220 மி.மீ. ரேக் ஒன்றும், இந்தப் பினியன் தேய்ந்துவிட்டதால் புதிய பினியன் ஒன்றும் ஒரு வாரத்துக்குள் உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். பழையதை உங்கள் கூரியரிடமே கொடுத்துவிடுகிறேன். அனுப்பும் முன் ரேக்கில் ஐம்பது பல்லை அளந்து, அந்த அளவை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்